எடிட்டரின் கூலியும் உங்கள் கணக்கும்

யூடியூப் சேனல் நடத்தும் பலர் எடிட்டரை நிறுத்தும் விதத்தைப் பார்த்திருக்கிறேன். வேலை வேண்டாம் என்று யாரும் நேராகச் சொல்வதில்லை. முதல் மாதம் கூலி ஒழுங்காகப் போகும். இரண்டாம் மாதம் பாதி போகும், மீதிக்கு "யூடியூப் பணம் வந்ததும் தர்றேன் தம்பி" என்று ஒரு குரல்பதிவு போகும். மூன்றாம் மாதம் வாட்ஸ்அப்பில் நீலக் குறி மட்டும் விழும், பதில் வராது. அதற்குள் அந்தப் பையன் இருபது வீடியோக்களை முடித்து அனுப்பியிருப்பான். அவன் வேலையால் லாபமா நட்டமா என்பதை முதல் மாதமே தெரிந்துகொண்டிருக்கலாம். கணக்குப் பார்க்கச் சோம்பியவர் நீங்கள், கூலி போனது அவனுக்கு. ஆகவே இந்த மாத பில் வருவதற்கு முன்பே உட்காருங்கள். தொடங்க ஒரு மாலைப் பொழுது போதும்.

பலர் போடும் கணக்கு இப்படி இருக்கும்: சேனல் மாதம் 15,000 ரூபாய் தருகிறது, எடிட்டருக்கு 13,600 போகிறது, 1,400 மிச்சம், பரவாயில்லை. இந்தக் கணக்கு தப்பு. அந்த 15,000-இல் பெரும்பகுதி எடிட்டர் வருவதற்கு முன்பே நீங்கள் போட்ட பழைய வீடியோக்கள் ஈட்டுவது. எடிட்டர் இல்லாவிட்டாலும் அது வந்துகொண்டுதான் இருக்கும். அவர் வந்ததால் புதிதாக எவ்வளவு வந்தது என்பதுதான் கேள்வி. அந்த எண்ணை ஸ்டூடியோ தானாகக் காட்டாது, நாம்தான் தோண்டி எடுக்க வேண்டும்.

ஒரு சேனலை வைத்தே பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. உங்கள் எண்களை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். ஈரோட்டுப் பக்கம் பிளவுஸ் தைக்கக் கற்றுத்தரும் ஒரு பெண்மணி. 30,000 சப்ஸ்கிரைபர். வாரம் இரண்டு வீடியோ, மாதம் எட்டு. லைனிங் பிளவுஸ், பிரின்சஸ் கட், பைப்பிங் வைப்பது என்று போகும். சேலத்திலிருந்து ஓர் எடிட்டர் வீடியோவுக்கு 1,500 ரூபாய், தம்ப்நெயிலுக்கு 200 என்று வேலை செய்கிறார். ஒரு வீடியோவுக்கு 1,700, மாதம் 13,600.

முதலில் ஆர்பிஎம் எண்ணை எடுங்கள். ஸ்டூடியோவின் வருமானப் பக்கத்தில் RPM என்று இருக்கும். ஆயிரம் பார்வைக்கு உங்கள் கைக்கு எவ்வளவு வருகிறது என்பது அது. பக்கத்திலேயே CPM என்று ஒரு பெரிய எண் கண்ணைப் பறிக்கும். அது விளம்பரம் காட்டப்பட்ட ஆயிரம் தடவைக்கு விளம்பரதாரர் கொடுக்கும் தொகை, யூடியூபின் பங்கு கழியாதது. அதை வைத்துக் கணக்குப் போட்டால் கணக்கில் மட்டும்தான் லாபம் வரும். இன்னொன்று: ஷார்ட்ஸ் பார்வைகளையும் சேர்த்த ஆர்பிஎம்மை எடுக்காதீர்கள். ஷார்ட்ஸுக்கு ஆயிரம் பார்வைக்கு வரும் பணம் மிகக் குறைவு, அது சராசரியைக் கீழே இழுத்துவிடும். எடிட்டர் செய்வது நீள வீடியோ என்றால் நீள வீடியோவை மட்டும் பிரித்துப் பாருங்கள். நம் தையல் சேனலுக்கு அது 40 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் நிறைய பேர் பார்க்கும் சேனலுக்கு இது கூடுதலாக இருக்கும். அதனால் அடுத்தவர் சொன்ன எண்ணைக் கடன் வாங்கவே கூடாது.

இப்போது ஒரே ஒரு வகுத்தல்:

```
தேவையான கூடுதல் பார்வை = (ஒரு வீடியோ செலவு ÷ RPM) × 1000
```

1,700-ஐ 40-ஆல் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் 42,500. விளம்பரப் பணத்தை மட்டும் நம்பினால், எடிட்டர் கை வைத்த ஒவ்வொரு வீடியோவும் அவர் இல்லாமல் பெற்றிருக்கும் பார்வைக்கு மேல் இன்னும் 42,500 பார்வை பெற வேண்டும். இந்தப் பெண்மணியின் வீடியோ வழக்கமாக முதல் 28 நாளில் பெறுவதே 9,000தான். இந்த எண்ணைப் பார்த்த பிறகும் "நல்லா எடிட் பண்ணினா வ்யூஸ் வரும், அதுலேருந்து உனக்குக் குடுத்துடுவேன்" என்று ஒருவரை வேலைக்கு எடுப்பது ஏமாற்று. பார்க்காமல் எடுத்தால் அசட்டை. அவர் கையில் போய்ச் சேரும் தொகை இரண்டிலும் ஒன்றுதான்.

அவசரப்பட்டு எடிட்டரை நிறுத்திவிடவும் வேண்டாம், கணக்கு இன்னும் பாதிதான் ஆகியிருக்கிறது.

எடிட்டரால் வந்த கூடுதல் எவ்வளவு? அவர் வந்த பிறகு பார்வை 9,000-இலிருந்து 16,000 ஆயிற்று என்று வையுங்கள். ஏழாயிரமும் அவர் உழைப்பா? அவர் வந்தது ஆவணியில். முகூர்த்த மாதம், பிளவுஸ் தேடுகிறவர்கள் தாமாகவே பெருகும் காலம். அதற்கு முந்தைய ஆடியோடு ஒப்பிட்டு அவரைத் தலையில் தூக்கி வைப்பதும், தீபாவளி முடிந்து ஜனவரியில் விளம்பர விலை சரியும்போது அவரையே குறை சொல்வதும் ஒரே தவறின் இரண்டு முகங்கள். மாதத்தோடு மாதத்தை ஒப்பிடாதீர்கள். இரண்டு மாதம் மாற்றி மாற்றிச் செய்து பாருங்கள். வாரத்தின் ஒரு வீடியோவை அவரிடம் கொடுங்கள், மற்றதை வழக்கம்போல் நீங்களே வெட்டிப் போடுங்கள். இரண்டுக்கும் ஒரே மாதிரித் தலைப்புகள் இருக்கட்டும். பிரின்சஸ் கட் பாடத்தை அவருக்குக் கொடுத்துவிட்டு ஊசி நூல் கோக்கும் வீடியோவை நீங்கள் வைத்துக்கொண்டால் அது ஒப்பீடு ஆகாது. ஒவ்வொரு வீடியோவுக்கும் வெளியான நாளிலிருந்து 28 நாள் பார்வையைக் குறியுங்கள். சராசரி எடுக்காமல், சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் இரண்டுக்கும் சரிபாதியில் வரும் எண்ணை எடுங்கள். எட்டு வீடியோவில் ஒன்று மட்டும் எங்கேயோ பிடித்துக்கொண்டு மூன்று லட்சம் போனால் சராசரி பொய் சொல்லும், நடு எண் அவ்வளவு எளிதில் அசையாது. எட்டுக்கு எட்டு என்பது சிறிய சோதனைதான். ஆயிரம் இரண்டாயிரம் வித்தியாசத்தை வைத்து ஒருவரின் வேலையைத் தீர்மானிக்காதீர்கள்.

இப்படிச் செய்ததில் நம் சேனலுக்கு 9,000-க்கு எதிரே 13,000 வந்தது என்போம். எடிட்டரின் பங்கு ஏழாயிரம் அல்ல, நான்காயிரம்.

அந்த நான்காயிரமும் வெட்டும் கையால்தான் வந்ததா என்று சரிபார்க்க இன்னொரு இடம் இருக்கிறது. பார்வையாளர் எந்த நொடியில் போகிறார் என்று காட்டும் வரைபடத்தைத் திறங்கள். முப்பதாவது நொடியில் எத்தனை சதவீதம் பேர் மிஞ்சுகிறார்கள் என்று ஸ்டூடியோ தனியாகவே சொல்லும். எடிட்டரின் கை நேராகத் தெரியும் இடம் அது. தம்ப்நெயிலைப் பார்த்து எத்தனை பேர் தட்டினார்கள் என்பது தம்ப்நெயிலுக்கும் தலைப்புக்கும் உரியது. யூடியூப் எத்தனை பேர் முன் அதைக் காட்டியது என்பதில் பொருளுக்கும் பருவத்துக்கும் பெரும்பங்கு. இவற்றைப் பிரித்துப் பார்க்காமல் "உன் எடிட்டிங் சரியில்லை" என்று சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. நீங்கள் தேர்ந்த தலைப்பு சப்பென்று இருந்ததற்கு அவர் என்ன செய்வார்?

தையல் வீடியோவில் இந்த வரைபடம் வேறொன்றும் சொல்லும். ஆர்ம்ஹோல் அளவு சொல்லும் இடத்திலும் டார்ட் குறிக்கும் இடத்திலும் கோடு மேலே எழும்பும். பார்க்கிறவர்கள் துணியை விரித்து வைத்துக்கொண்டு அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டுகிறார்கள். தையல் தெரியாத எடிட்டர், சாக்பீஸால் கோடு போடும் காட்சி மெதுவாக இருக்கிறதே என்று அதையே கத்தரித்து வேகப்படுத்துவார். படம் பளிச்சென்று இருக்கும், "அக்கா, கை சுற்றளவு எவ்வளவுன்னு சொல்லவே இல்லையே" என்று கீழே கேள்விகள் குவியும். இதற்காக அவர் கூலியைப் பிடிக்காதீர்கள். எந்தக் காட்சியைத் தொடக்கூடாது என்று ஃபுட்டேஜ் அனுப்பும்போதே எழுதிக் கொடுக்க வேண்டியது உங்கள் வேலை. சொல்லாமல் விட்டுவிட்டு நான்கு தடவை கரெக்‌ஷன் கேட்டால், ஐந்து மணி நேரத்துக்குப் பேசிய கூலியில் ஒன்பது மணி நேரம் வாங்குகிறீர்கள் என்று பொருள்.

சரி, நான்காயிரம் பார்வைக்குப் பணம் எவ்வளவு? 28 நாளில் 160 ரூபாய். 1,700 கொடுத்து 160 வாங்குவது பார்த்தவுடன் பகீரென்று இருக்கும். எட்டு வீடியோவும் எடிட்டர் கையில் போனாலும் சேனல் வருமானம் மாதம் 1,280தான் உயரும். ஆனால் கற்றுத்தரும் வீடியோ 28 நாளோடு முடிவதில்லை. உங்கள் சேனலில் ஒரு வருடம் தாண்டிய பழைய வீடியோக்கள் சிலவற்றை எடுத்து, முதல் 28 நாள் பார்வை எவ்வளவு, ஒரு வருடத்தில் மொத்தம் எவ்வளவு என்று பாருங்கள். நம் தையல் சேனலில் வருட மொத்தம் இரண்டரை மடங்கு என்று வைத்தால், நான்காயிரம் பத்தாயிரமாகும், 160 ரூபாய் 400 ஆகும். சினிமாச் செய்தி, கிரிக்கெட் அலசல் போடுகிறவர்களுக்கு இந்த மடங்கு ஒன்றைத் தாண்டுவதே கடினம். அவர்கள் இந்த 400-ஐ நம்பக்கூடாது.

அடுத்து ஃபாலோயர்கள். இங்கேதான் நம்மவர்கள் அதிகமாக ஏமாறுகிறார்கள், பிறரையும் ஏமாற்றுகிறார்கள். எடிட்டர் கை வைத்த வீடியோவில் விலகியவர்கள் போக 110 பேர் சேர்ந்தார்கள், அவர் இல்லாததில் 60 பேர். கூடுதல் 50 பேர். இவர்களின் விலை என்ன? ஸ்டூடியோவில் சப்ஸ்கிரைப் செய்தவர்களின் பார்வை, செய்யாதவர்களின் பார்வை என்று பிரித்துக் காட்டும். 9,000 பார்வையில் 1,800 சப்ஸ்கிரைபர்களுடையது என்று வையுங்கள். 30,000 பேரில் 1,800 என்றால் ஓர் ஆள் ஒரு புது வீடியோவுக்குத் தருவது 0.06 பார்வை. வருடம் 96 வீடியோவுக்கு ஏறக்குறைய ஆறு பார்வை. ஆறு பார்வைக்கு 40 ரூபாய் வீதத்தில் வருவது 24 பைசா. ஐம்பது பேருக்கு 12 ரூபாய்.

வருடத்துக்குப் பன்னிரண்டு ரூபாய். ஒரு டீக்கு வரும். "ஃபாலோயர்ஸ் ஏறுதே, அதுவே பெரிய லாபம்" என்று சொல்லி உங்களைத் தேற்றிக்கொள்வதை இந்த எண்ணைப் பார்த்தாவது நிறுத்துங்கள். அதைவிட மோசம் எடிட்டரிடம் "சேனல் வளர்ந்தா உனக்கும் பேர்தானே, வீடியோல உன் பேரு போடறேன்" என்று சொல்லிக் கூலியைக் குறைப்பது. பணம் கொடுக்கும் உங்களுக்கே பன்னிரண்டு ரூபாய்க்கு மேல் பெறாத ஒன்றை அவருக்குச் சம்பளமாக நீட்டுகிறீர்கள். சேனலுக்கு ஸ்பான்சர் பிடிக்கலாமே என்பீர்கள். விவரம் தெரிந்த நிறுவனம் சப்ஸ்கிரைபர் எண்ணிக்கையோடு நிற்காது, அண்மையில் போட்ட வீடியோக்களின் பார்வையைக் கேட்கும். அது ஏற்கெனவே உங்கள் கணக்கில் இருக்கிறது.

விளம்பர வருமானம் இன்னும் தொடங்காத சேனலுக்கு மட்டும் எண்ணிக்கை வேறு வகையில் முக்கியம். 1,000 சப்ஸ்கிரைபரும், கடைசிப் பன்னிரண்டு மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். ஷார்ட்ஸ் வழியாகப் போகிறவர்களுக்கு அந்த மணி நேரத்துக்குப் பதில் 90 நாளில் ஒரு கோடிப் பார்வை. அந்த வாசலை எட்டும்வரை எடிட்டர் கூலி முழுக்க உங்கள் சேமிப்பிலிருந்துதான் போகும். எத்தனை ரூபாய் வரை போகலாம் என்று முன்பே ஒரு தொகையை ஒதுக்குங்கள், தீர்ந்ததும் நிறுத்துங்கள். நகை அடகு வைத்து எடிட்டர் வைப்பதும், எடிட்டரிடம் கடன் சொல்லி எடிட்டர் வைப்பதும் வேண்டாம்.

விளம்பரத்துக்கு வெளியே வரும் பணம்தான் பெரும்பாலும் இந்தக் கணக்கைத் தூக்கி நிறுத்துகிறது. நம் பெண்மணி பிளவுஸ் பேப்பர் கட்டிங் விற்கிறார், கூரியரில் அனுப்புகிறார். ஒரு செட்டுக்குச் செலவு போக 250 ரூபாய் நிற்கிறது. நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினால் ஏறக்குறைய மூவாயிரம் பார்வைக்கு ஓர் ஆர்டர். கூடுதலான பத்தாயிரம் பார்வைக்கு மூன்று ஆர்டர், 750 ரூபாய். இந்த மூவாயிரத்துக்கு ஒன்று என்பதை ஊகித்து எழுதாதீர்கள். ஆர்டர் கேட்டு வருகிறவரிடம் "எந்த வீடியோ பார்த்தீங்க?" என்று இரண்டு மாதம் கேட்டுக் குறித்தால் உண்மை எண் கிடைக்கும்.

பிறகு உங்கள் நேரம். தானே எடிட் செய்தபோது ஒரு வீடியோவுக்கு ஐந்து மணி நேரம் போயிற்று. இப்போது ஃபுட்டேஜ் ஏற்றுவது, குறிப்பு எழுதுவது, வந்ததைப் பார்த்துக் கரெக்‌ஷன் சொல்வது என்று ஒரு மணி நேரம் போகிறது. மிச்சம் நான்கு. அந்த நேரத்தில் வாடிக்கையாளர் பிளவுஸ் தைத்தால் மணிக்கு 150 ரூபாய் கிடைக்கும் என்றால் 600. ஆனால் உண்மையில் தைத்தால்தான் 600. அந்த நான்கு மணி நேரத்தில் சீரியல் பார்த்தால் அது ஓய்வு. ஓய்வு வேண்டியதுதான், எடிட்டர் வைக்க அதுவே நல்ல காரணமாகவும் இருக்கலாம். வருமானப் பத்தியில் மட்டும் அதை எழுதாதீர்கள்.

கூட்டிப் பார்ப்போம். விளம்பரம் 400, பேப்பர் கட்டிங் 750, நேரம் 600, ஃபாலோயர் 12. மொத்தம் 1,762. செலவு 1,700. கையைக் கடிக்காமல் ஒப்பேறுகிறது. தையல் ஆர்டர் கையில் இல்லாத மாதத்தில் நேரத்தின் 600 போய்விடும், 1,162தான் நிற்கும், வீடியோவுக்கு 538 நட்டம். ஆக இந்தச் சேனலில் எடிட்டர் தாங்குவாரா என்பதைத் தீர்மானிப்பது யூடியூபோ ஃபாலோயரோ கிடையாது, அந்த அம்மாவின் தையல் மேசையில் துணி இருக்கிறதா என்பதுதான். இதை அவர் எந்த வரைபடத்திலும் பார்த்திருக்க முடியாது.

கணக்கு முடிந்ததும் செய்ய வேண்டியதைத் தள்ளிப்போடாதீர்கள். நட்டம் என்றால் கூலியை அடித்துக் குறைப்பது தீர்வு ஆகாது. வேலையைக் குறையுங்கள். எட்டு வீடியோவில் நீண்ட நாள் ஓடக்கூடிய பாடங்கள் மூன்றை மட்டும் அவரிடம் கொடுங்கள், முகூர்த்த சீசன் டிசைன் காட்டும் வீடியோக்களை நீங்களே வெட்டுங்கள். அல்லது முதல் ஒரு நிமிடமும் திரையில் அளவு எழுதுவதும் மட்டும் அவர் வேலை என்று பிரித்து, அதற்கு அவர் என்ன விலை சொல்கிறார் என்று கேளுங்கள். விலையைச் சொல்ல வேண்டியவர் அவர். "ஒரு வீடியோ சும்மா பண்ணிக் குடுங்க, பிடிச்சா தொடரலாம்" என்று கேட்பதை அடியோடு விடுங்கள். சோதனை உங்களுக்காக நடக்கிறது, சோதனைச் செலவும் உங்களுடையதே. பார்வைக்கு ஏற்பக் கூலி என்று பேசுகிறவர்கள், அடிப்படைக் கூலியை முழுதாகக் கொடுத்த பிறகு மேலே தரும் பங்காக மட்டும் அதைப் பேசுங்கள். அப்படிப் பேசினால் ஸ்டூடியோ பக்கத்தை அவருக்கும் திறந்து காட்டுங்கள். வருமானத்தை மறைத்துக்கொண்டு பங்கு பேசக்கூடாது.

யூடியூப் பணம் வரும் நாளும் அவர் கூலி நாளும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. செப்டம்பர் வருமானம் அக்டோபர் 21-க்கு மேல்தான் வங்கிக்கு வரும், அதுவும் கணக்கில் நூறு டாலர் சேர்ந்திருந்தால். அவர் வீட்டு வாடகை அந்தத் தேதிக்குக் காத்திருக்காது. இடைப்பட்ட காலத்தைத் தாங்க ஒரு மாதக் கூலியை முன்பே தனியாக எடுத்து வைக்க முடியாதவர் இப்போதைக்கு எடிட்டர் வைக்க வேண்டாம், தாமே வெட்டட்டும்.

நிறுத்துவது என்று முடிவானால் தொலைபேசியில் அழைத்துச் சொல்லுங்கள். கையில் ஏற்கெனவே எடுத்த வீடியோக்கள் எத்தனை, அவற்றை முடிப்பாரா, முடித்தால் எவ்வளவு என்று அன்றே பேசிவிடுங்கள். பாதியில் நிற்கும் வேலைக்கும் ஆன அளவுக்குக் கொடுங்கள். ப்ராஜெக்ட் ஃபைல் வேண்டுமென்றால் அதற்குத் தனி விலை உண்டா என்று கேளுங்கள், முதலிலேயே பேசியிராவிட்டால் அது இலவசம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பழைய பாக்கி ஏதாவது இருந்தால் கணக்குப் போட உட்காரும் முன்பே அதை அனுப்பிவிடுங்கள். எந்த எண் வந்தாலும் அந்தத் தொகை மாறப்போவதில்லை.